குவளை உடைந்து போய்ச் சேர்ந்தால்: மாற்றுப் பொருளா, பணமா? சிறு விற்பனையாளருக்கான முழுமையான வழிகாட்டி

வெள்ளிக்கிழமை இரவு எட்டே முக்கால் மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. திருநெல்வேலிக்கு நான் அனுப்பியிருந்த நான்கு நீலக் குவளைகளில் ஒன்று கைப்பிடி இல்லாமல் மேசை மேல் நின்றது. ஒடிந்த கைப்பிடி பக்கத்தில் இரண்டு துண்டாகக் கிடந்தது. படத்துக்குக் கீழே, "நாலுல ஒண்ணு மட்டும் இப்படி வந்திருக்குங்க, என்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்று எழுதியிருந்தார் அந்த அம்மா. ஒரு குவளையின் விலை 240 ரூபாய். நான்குக்கும் சேர்த்து 960 ரூபாயும் கூரியருக்கு 120 ரூபாயும் அவர் கட்டியிருந்தார்.

புதுச்சேரிக்கு வெளியே ஒரு சிறிய சூளையை வைத்து, ஸ்டோன்வேர் குவளைகளும் கிண்ணங்களும் செய்து, பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகவே விற்கிறேன். தொடங்கிய காலத்தில் இப்படி ஒரு படம் வந்தால் பதறிப்போய் உடனே புதிய குவளை ஒன்றைக் கட்டி அனுப்பிவிடுவேன். சில மாதங்கள் கழித்துக் கணக்கைப் பார்த்தபோது, 90 ரூபாய்க் கிண்ணத்துக்கு மாற்று அனுப்ப 130 ரூபாய்க்கு மேல் செலவழித்திருப்பதும், 350 ரூபாய்க் குவளைக்கு யோசிக்காமல் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்திருப்பதும் தெரிந்தது. இரண்டு இடத்திலும் நேர் எதிராகச் செய்திருக்க வேண்டும். அதன் பிறகு நான் வகுத்துக்கொண்ட முறையை, அந்த நீலக் குவளையையே எடுத்துக்காட்டாக வைத்து, படிப்படியாகச் சொல்கிறேன். மட்பாண்டத்துக்குச் சொல்வது கண்ணாடிப் புட்டி, பீங்கான் அகல், சிறு சுதைச் சிற்பம் ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். தொகைகள் மட்டும் மாறும்.

முதல் படி: பதில் முதலில், முடிவு பிறகு

படம் வந்த அன்றே பதில் போய்விட வேண்டும், ஆனால் அந்தப் பதிலில் முடிவு இருக்கக் கூடாது. "உடைந்து வந்ததற்கு வருந்துகிறேன் அம்மா. இது எங்கள் பொறுப்பு, உங்களுக்கு நட்டம் வராது. மூன்று படங்கள் மட்டும் அனுப்புங்கள், நாளை காலைக்குள் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன்" என்பதே என் வழக்கமான வாசகம். பொறுப்பை முதல் வரியிலேயே ஏற்றுக்கொண்டால் வாடிக்கையாளர் தன் பக்க நியாயத்தை வாதாடி நிறுவ வேண்டிய நிலை வருவதில்லை, பேச்சும் சூடாவதில்லை.

நான் கேட்கும் மூன்று படங்களில் முதலாவது, உடைந்த இடம் அருகில் தெரியும்படி எடுத்தது. இரண்டாவது, குவளையின் அடிப்பாகம். மூன்றாவது, பெட்டியின் வெளிப்புறம், முகவரிச் சீட்டும் மூலைகளும் தெரியும்படி. அடிப்பாகத்தைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே சமயத்தில் சூளையில் அடுக்கிச் சுடும் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு எண் வைத்து, கண்ணாடிபோன்ற மேற்பூச்சான கிளேஸ் படாத அடி வட்டத்தில் இரும்பு ஆக்சைடால் தூரிகை கொண்டு எழுதிவிடுவேன். சூட்டில் அது அழியாமல் பழுப்பாகப் பதிந்துவிடும். படத்தில் உள்ள எண்ணும் என் நோட்டில் அந்த ஆர்டருக்கு நேரே உள்ள எண்ணும் ஒத்துப்போனால் அது நான் அனுப்பிய குவளைதான் என்பது உறுதி. ஐந்து விநாடியில் முடியும் சோதனை இது. வாடிக்கையாளரைச் சந்தேகப்படுவதுபோலவும் தோன்றாது.

பார்சலைப் பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் எதுவும் தர மாட்டோம் என்று பல சிறு கடைகள் எழுதி வைக்கின்றன. நான் அதை எழுதுவதில்லை. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெறவும், பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், பணத்தைத் திருப்பித் தரவும் மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கைகளில் ஒன்றாகச் சொல்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும், பொருள் குறைபாடுடையதாகவோ சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. வீடியோ எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் அங்கே இல்லை. 240 ரூபாய்ப் பொருளுக்காக ஒருவரைக் குற்றவாளிபோல நிற்க வைப்பது சரியும் இல்லை.

இதிலிருந்து இன்னொன்றும் புரிந்துகொள்ள வேண்டும். மாற்றுப் பொருள் என்பது நாம் முன்வைக்கும் ஒரு வழி மட்டுமே. "எனக்குப் பணமே போதும்" என்று அவர் சொல்லிவிட்டால் கீழே வரும் கணக்குகளுக்கு வேலையில்லை, பணத்தை அனுப்பிவிட வேண்டியதுதான். எதை முதலில் முன்வைப்பது என்பதைத் தீர்மானிக்கத்தான் இந்தக் கணக்குகள்.

இரண்டாம் படி: எதனால் உடைந்தது என்று படத்திலிருந்து படிப்பது

பெரும்பாலானவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், என் அனுபவத்தில் பணம் அதிகம் வீணாவதும் இதனால்தான். காரணம் தெரியாமல் மாற்று அனுப்பினால், முதல் குவளை உடைந்த அதே காரணத்தால் இரண்டாவதும் உடையும்.

முதலில் பெட்டியைப் பாருங்கள். மூலை நசுங்கி, பக்கம் உள்வாங்கியிருந்தால் மேலே கனமான மூட்டை ஏறியிருக்கிறது அல்லது பெட்டி மூலைக்குத்தாக விழுந்திருக்கிறது. இது வழியில் நேர்ந்த அடி. எல்லாப் பார்சலுக்கும் நேர்வதில்லை. பெட்டி கசங்காமல் இருந்து, உள்ளே குவளை மட்டும் உடைந்திருந்தால் குறை நாம் பார்சல் கட்டிய விதத்தில் இருக்கிறது. உள்ளே இடம் விட்டுப்போய்க் குவளைகள் ஒன்றோடொன்று மோதியிருக்கும், அல்லது கைப்பிடிக்குள் இருக்கும் இடைவெளியை நிரப்பாமல் விட்டிருப்போம். கைப்பிடி மட்டும் ஒடிந்து வருவதற்கு மிகப் பெரும்பாலும் இந்தப் பின்னதுதான் காரணம்.

மூன்றாவது வகை, விரிசல். குவளை துண்டாகவில்லை, மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது, தண்ணீர் ஊற்றினால் கசிகிறது என்று வாடிக்கையாளர் சொல்வார். இங்கேதான் கூர்ந்து பார்க்க வேண்டும். விரிசலின் ஓரம் கிளேஸ் வழிந்து உருண்டு மழுங்கியிருந்தால், கிளேஸ் உருகுவதற்கு முன்பே அந்த விரிசல் அங்கே இருந்திருக்கிறது. அதாவது பச்சை மண் காயும்போதோ முதல் சூட்டிலோ விழுந்தது. நாம் கவனிக்காமல் விற்றிருக்கிறோம். ஓரம் கத்திபோலக் கூராக இருந்தால், சூளை ஆறும்போது விழுந்ததாகவோ வழியில் அடிபட்டதாகவோ இருக்கலாம், இரண்டையும் படத்தில் பிரித்தறிவது கடினம். அப்போது அதே ஏற்றத்தில் மிஞ்சியிருக்கும் குவளைகளை எடுத்து, அடியை உள்ளங்கையில் தளர்வாக ஏந்தி, விளிம்பை விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். நல்ல குவளை கணீரென்று ஒலித்துச் சற்று நேரம் அதிரும். உள்விரிசல் உள்ளது மந்தமாக, மரக்கட்டையைத் தட்டியதுபோல நின்றுவிடும். கையிருப்பில் ஒன்றிரண்டு அப்படி ஒலித்தால் அந்த ஏற்றத்திலிருந்து மாற்று அனுப்பவே கூடாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த ஏற்றம் முழுவதையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட வேண்டும். கொதிக்கும் காப்பியோடு ஒருவர் கையில் குவளை பிளந்தால் அது 240 ரூபாய் விஷயமாக இருக்காது.

நீலக் குவளைக்கு வருவோம். பெட்டி கசங்கவில்லை, அடியில் எண் சரியாக இருந்தது, குவளையின் உடலில் கோடு எதுவும் இல்லை, கைப்பிடி வேரோடு ஒடிந்திருந்தது. அந்த வாரம் கட்டும் வேலையில் உதவிய பையனிடம் கேட்டேன். "கைப்பிடிக்குள்ள பேப்பர் வைக்கணும்னு சொல்லலையே அண்ணா" என்றான். உண்மைதான், நான் சொல்லித் தரவில்லை. தவறு எங்களுடையது, திருத்தக்கூடியது என்பதால் மாற்று அனுப்பும் வழி திறந்தே இருந்தது.

மூன்றாம் படி: இனி கையிலிருந்து போகப்போகும் தொகையை மட்டும் ஒப்பிடுவது

உடைந்த குவளையைச் செய்த செலவும் முதல் கூரியர் செலவும் ஏற்கெனவே போய்விட்டன. எந்த வழியைத் தேர்ந்தாலும் அவை திரும்பி வரா, ஆகவே அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பலர் "ஏற்கெனவே இவ்வளவு நட்டம், இதற்கு மேல் பணமும் கொடுப்பதா" என்று இரண்டையும் கலந்துவிடுவதால்தான் முடிவு பிசகுகிறது. இந்த நிமிடத்துக்குப் பிறகு எந்த வழியில் எவ்வளவு போகும் என்பதே கேள்வி.

மாற்று அனுப்பினால் போகும் தொகையில் நான்கு பகுதிகள் உண்டு. நீலக் குவளைக்கு அவை இப்படி இருந்தன. மண், கிளேஸ், எரிவாயு, என் கூலி எல்லாம் சேர்ந்து குவளை ஒன்றைச் செய்ய எனக்கு 85 ரூபாய் ஆகிறது. பெட்டி, தேன்கூட்டுக் காகிதம், ஒட்டுநாடா, கட்டும் நேரம் எல்லாம் 30 ரூபாய். ஒற்றைக் குவளைக்குக் கூரியர் 70 ரூபாய். நான்காவது, மாற்றும் உடையக்கூடும் என்பதற்கான ஒதுக்கீடு. என் நோட்டின்படி ஏறத்தாழ 12 பார்சலுக்கு ஒன்று ஏதாவது ஒரு சேதத்துடன் போகிறது. அப்படியானால் 240 ரூபாயில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 20 ரூபாய். ஆக மொத்தம் 205 ரூபாய். பணத்தைத் திருப்பினால் போவது 240 ரூபாய். மாற்று 35 ரூபாய் மலிவு.

கூரியர் கட்டணத்தைப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். குவளை எடை குறைவு, ஆனால் பாதுகாப்பாகக் கட்டினால் பெட்டி பெரிதாகும். பல கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் கிலோவை உண்மை எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர் உள்ள பெட்டி, உள்ளே 400 கிராம் குவளை இருந்தாலும், 1.6 கிலோவாகக் கணக்கிடப்படும். ஆகவே மாற்று அனுப்பும் செலவை ஊகித்துப் போடாமல், ஒற்றைக் குவளைப் பெட்டியை உண்மையிலேயே அளந்து ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு முறையும் இந்தக் கூட்டல் வேண்டியதில்லை. உங்கள் பொருள்களின் செய்செலவு விலையில் ஏறத்தாழ எத்தனை பங்கு என்று தெரிந்தால் ஓர் எல்லைத் தொகையைக் கண்டுபிடித்துவிடலாம். எனக்கு அது நூற்றுக்கு 35. கட்டுதல், கூரியர், ஒதுக்கீடு மூன்றும் சேர்ந்து 120 ரூபாய். விலையில் மீதமுள்ள 65 பங்கு இந்த 120 ரூபாயை ஈடுகட்டினால்தான் மாற்று மலிவாகும். 120ஐ 0.65ஆல் வகுத்தால் ஏறத்தாழ 185 வருகிறது. ஆகவே என் கடையில் 185 ரூபாய்க்குக் கீழே உள்ள ஒற்றைப் பொருள் பெரிய ஆர்டர் ஒன்றில் உடைந்து போனால், நான் யோசிப்பதே இல்லை, பணத்தை அனுப்பிவிடுகிறேன்.

பெரிய ஆர்டர் ஒன்றில் என்று குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் ஒரே ஒரு கிண்ணம் மட்டும் வாங்கி, அதுவே உடைந்திருந்தால், அவர் கட்டிய கூரியர் கட்டணத்தையும் சேர்த்தே திருப்ப வேண்டும்; அவருக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை அல்லவா? அப்போது திருப்பும் தொகை 70 ரூபாய் கூடுகிறது, எல்லைத் தொகையோ 185இலிருந்து ஏறத்தாழ 77க்கு இறங்கிவிடுகிறது. அதே 90 ரூபாய்க் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கிண்ணங்களில் ஒன்றாக உடைந்தால் திருப்ப வேண்டியது 90 ரூபாய், மாற்று அனுப்பினாலோ 150 ரூபாயை நெருங்கும். தனியாக வாங்கியது உடைந்தால் திருப்ப வேண்டியது 160 ரூபாய், அங்கே மாற்றுதான் சற்று மலிவு. பொருளும் விலையும் அதேதான், முடிவு மட்டும் தலைகீழ். நான் ஆரம்பத்தில் தடுமாறியது இந்த இடத்தில்தான்.

நான்காம் படி: அலமாரியைப் பார்ப்பது

செய்செலவு 85 ரூபாய் என்று மேலே போட்டேன். அது எப்போதும் சரியான எண் அல்ல. அந்த நீலக் கிளேஸில் கடைசி நான்கு குவளைகள் மட்டும் மிஞ்சியிருந்து, அவற்றை வாங்க ஆள் காத்திருந்தால், அதிலிருந்து ஒன்றை எடுத்து அனுப்புவதால் எனக்குப் போவது 85 ரூபாய் அல்ல. ஒரு நான்கின் தொகுதி உடைந்து மூன்றாகிறது, மூன்றை யாரும் வாங்குவதில்லை. அந்த நிலையில் மாற்றின் உண்மைச் செலவு 340 ரூபாயையும் தாண்டிவிடும், பணத்தைத் திருப்புவதே நல்லது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சூளையிலிருந்து இறக்கும்போது தொகுதிகளாகப் பிரித்த பிறகு ஒன்றிரண்டு தனிக் குவளைகள் மிஞ்சும். அவற்றைத் தனியாக விற்க வெகு நாளாகும். மாற்று அனுப்ப இவைதான் ஏற்றவை, ஏனென்றால் ஒரே ஏற்றத்தில் வெந்தவை என்பதால் நிறம் ஒத்துப்போகும். அடுத்த ஏற்றத்தில் அதே கிளேஸ் சற்றே பசுமையாகவோ கருமையாகவோ வந்துவிடக்கூடும். நான்கில் ஒன்று மட்டும் வேறு நீலமாக இருந்தால் வாடிக்கையாளருக்கு அது இன்னொரு குறைதான். ஆகவே ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரு வகைக்கு ஒரு குவளையை விற்காமல், எண்ணோடு அட்டைப்பெட்டியில் எடுத்து வைக்கிறேன். அந்த ஏற்றத்தில் கடைசி ஆர்டர் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் ஆன பிறகே அதை விற்பனைக்கு வைப்பேன். அன்று அந்தப் பெட்டியில் நீலக் குவளை ஒன்று இருந்தது. அதனால் 85 ரூபாய் என்ற கணக்கு நின்றது.

ஐந்தாம் படி: வாடிக்கையாளருக்கு அது எதற்காக என்று ஒரே ஒரு கேள்வி

35 ரூபாய் வித்தியாசம் என்பது முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரியதல்ல. இப்படி இரண்டு தொகையும் அருகருகே வந்தால் வாங்கியவரின் தேவையே தீர்ப்பு. நான்கு பேருக்கு நான்கு குவளை என்று வாங்கியவருக்கு 240 ரூபாய் கொடுத்தால் அவர் கையில் இருப்பது அரைகுறைத் தொகுதி. அவருக்கு மாற்று வேண்டும். கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாகக் கொடுக்க வாங்கியவருக்கு, விழா நாளை மறுநாள் என்றால், ஐந்து நாளில் வரும் மாற்றால் பயனில்லை. அவருக்குப் பணம் வேண்டும். கூட ஒன்று இருக்கட்டும் என்று வாங்கியவருக்கு எதுவானாலும் சரி.

"என்ன வேண்டும் சொல்லுங்கள்" என்று திறந்த கேள்வியாகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பலர் தயங்கி, "பரவாயில்லை விடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னவர் பெரும்பாலும் அடுத்த முறை வாங்க வருவதில்லை. இரண்டு வழியையும் நாளோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை நான் அனுப்பியது இதுதான்: "வணக்கம் அம்மா. அதே சூளையில் வெந்த நீலக் குவளை ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்று கட்டி அனுப்பினால் புதன்கிழமைக்குள் வந்துவிடும், நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம். அல்லது 240 ரூபாயை நீங்கள் செலுத்திய கணக்குக்கே இன்று மதியத்துக்குள் அனுப்பிவிடுகிறேன். உங்களுக்கு எது வசதி?" அவர் பத்து நிமிடத்தில், "கப்பே அனுப்புங்க, செட்டா இருக்கணும்னுதான் வாங்கினேன்" என்று எழுதினார்.

உடைந்ததைத் திருப்பி அனுப்பச் சொல்லக் கூடாது. அதற்கான கூரியர் செலவு பொருளின் விலையில் பெரும்பங்கை விழுங்கும், வந்து சேரும் உடைந்த துண்டுகளை வைத்து நாம் செய்யப்போவதும் ஒன்றுமில்லை. ஆனால் அதை என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். ஸ்டோன்வேரின் உடைந்த ஓரம் கண்ணாடிபோல வெட்டும். நாளிதழில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மேலே "உடைந்த பீங்கான்" என்று எழுதிக் குப்பையில் போடச் சொல்கிறேன்; இல்லாவிட்டால் தூய்மைப் பணியாளரின் கை கிழியும். விளிம்பில் சில்லு பெயர்ந்த குவளையில் குடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுவேன்.

அடி வட்டத்தில் சிறு சில்லு மட்டும் போயிருந்தால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. குவளை பயன்படும், அழகு மட்டும் சற்றுக் குறைந்தது. விலையில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறேன், குவளையை வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்வைத்தால் பலர் மகிழ்ச்சியோடு ஏற்கிறார்கள். ஏற்காவிட்டால் முழுத் தொகை அல்லது மாற்று. பேரம் பேசிக் கூட்டிக் குறைக்கக் கூடாது.

ஆறாம் படி: முடிவை நிறைவேற்றுவது

பணம் என்றால், அவர் எந்தக் கணக்கிலிருந்து செலுத்தினாரோ அதற்கே போக வேண்டும். யூபிஐயில் வந்திருந்தால் அந்தப் பழைய பரிவர்த்தனையைத் திறந்து, அதிலுள்ள பெயரைச் சரிபார்த்து அனுப்பி, யூடிஆர் என்ற பரிவர்த்தனை எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை அவருக்கு அனுப்புங்கள். "இந்த எண்ணுக்கு அனுப்புங்க" என்று வேறொரு கியூஆர் படம் வந்தால் மறுத்துவிடலாம். பேமென்ட் கேட்வே வழியாக வந்த பணத்தை அதே கேட்வேயிலிருந்தே திருப்ப வேண்டும். அட்டையில் செலுத்தியவருக்குப் போய்ச் சேரச் சில வேலை நாட்கள் ஆகும் என்பதை முன்பே சொல்லிவிட்டால் இடையில் கவலையோடு செய்தி வராது. முதலில் பிடித்த கேட்வே கட்டணம் பொதுவாகத் திரும்பி வராது, அதையும் திருப்பும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் திருப்பிய தொகைக்குப் பழைய பில் எண்ணைக் குறிப்பிட்டுக் கிரெடிட் நோட் போட வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து போடுவது சிக்கலில் முடியும். பெரிய விற்பனைத் தளம் வழியாக விற்றதாக இருந்தால், தளத்துக்கு வெளியே பணமோ பொருளோ அனுப்ப வேண்டாம், அவர்கள் வழியிலேயே முடியுங்கள். இல்லாவிட்டால் இரண்டு முறை கொடுக்க நேரிடும்.

மாற்று என்றால், உடைந்த காரணத்தைத் திருத்தாமல் பெட்டியை மூடக் கூடாது. நீலக் குவளைக்குச் செய்தது இது. முதலில் கைப்பிடிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கசக்கிய காகிதத்தை இறுக்கமாக, ஆனால் கைப்பிடியை வெளியே தள்ளாத அளவுக்கு, நிரப்பினேன். குவளைக்குள்ளும் காகிதம். பிறகு தேன்கூட்டுக் காகிதத்தை மூன்று சுற்று, கைப்பிடிப் பக்கம் கூடுதலாக ஒரு சுற்று. ஐந்தடுக்கு அட்டைப்பெட்டியில், ஆறு பக்கமும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் இடம் விட்டு, அந்த இடத்தையும் நிரப்பினேன். மூடிய பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினால் எதுவும் அசையும் ஓசை வரக் கூடாது. புதிய கட்டும் முறையைத் தொடங்கும்போது, விற்க முடியாத ஒரு குவளையை அதே முறையில் கட்டி, இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் மூலைக்குத்தாக இரண்டு முறை போட்டுப் பார்ப்பது என் வழக்கம். அந்தச் சனிக்கிழமையும் செய்தேன். பையன்தான் போட்டான், பிரித்துப் பார்த்தபோது கைப்பிடி நின்றது.

மாற்று ஒரு முறைதான். அதுவும் உடைந்தால் மூன்றாவது அனுப்பாமல், வாடிக்கையாளரைக் கேட்காமலேயே பணத்தைத் திருப்பிவிடுங்கள். இரண்டாவது ஏமாற்றத்துக்குப் பிறகு இன்னொரு பார்சலுக்குக் காத்திருக்க யாருக்கும் மனம் வராது.

கூரியரிடம் இழப்பீடு கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பல நிறுவனங்கள் கண்ணாடி, பீங்கான் போன்றவற்றின் உடைப்புக்குப் பொறுப்பேற்பதில்லை என்று ரசீதின் பின்பக்கமே அச்சிட்டிருக்கும். பெட்டியே நசுங்கியிருந்தால் ஒரு புகார் எழுதி வைக்கலாம். ஆனால் அந்தப் பணம் வரும் என்று வாடிக்கையாளருக்கான முடிவைத் தள்ளிப்போடக் கூடாது. அது உங்களுக்கும் கூரியருக்கும் இடையிலான கணக்கு.

ஏழாம் படி: நோட்டில் ஒரு வரி

தேதி, பொருள், ஏற்ற எண், கூரியர், பெட்டி வகை, உடைந்த இடம், என்ன செய்தேன், எவ்வளவு போனது. இவ்வளவுதான். நான் மேலே சொன்ன 12க்கு ஒன்று என்ற எண்ணும் 185 ரூபாய் எல்லையும் இந்த நோட்டிலிருந்து வந்தவை. அவை என் கடைக்கு உரியவை, உங்களுக்கு வேறாக இருக்கும். இருபது வரி சேர்ந்ததும் உடைந்த இடத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். என் நோட்டில் "கைப்பிடி" என்ற சொல் ஒன்பது இடத்தில் இருந்தது. ஒன்பது முறையும் நான் அதைக் கூரியர்மேல் போட்டு எழுதியிருந்தேன்.

ஒரே வாடிக்கையாளர் பெயர் அடிக்கடி வருகிறதா என்பதும் இந்த நோட்டில்தான் தெரியும். இரண்டாம் முறைவரை நான் எதுவும் நினைப்பதில்லை. மழைக்காலத்தில் தொலைவான ஊருக்குப் போகும் பார்சல் இரண்டு முறை அடிபடுவது இயல்பே. மூன்றாம் முறையும் வந்து, அடிப்பாகப் படம் மட்டும் எப்போதும் கிடைக்காமல் போனால், அந்தத் தொகையைத் திருப்பிவிட்டு, அடுத்த ஆர்டரைப் பணிவாக மறுத்துவிடுவேன். வாதாடினால் போகும் நேரம் குவளையின் விலையைவிட அதிகம்.

திருநெல்வேலிக்குப் போன மாற்றுக் குவளை சொன்னபடி புதன்கிழமை மதியம் சேர்ந்தது. நான்கு குவளைகளும் வரிசையாக நிற்கும் படம் ஒன்றை அந்த அம்மா அனுப்பினார். நோட்டில் அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் 185 ரூபாய் என்று எழுதினேன். ஒதுக்கி வைத்த 20 ரூபாய் தேவைப்படவில்லை. கட்டும் மேசைக்கு மேலே, பையன் தன் கையெழுத்தில் "கைப்பிடிக்குள் பேப்பர்" என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.